அந்த லீவு மெசேஜை மாத்தி எழுதுங்க டாக்டர்

"டாக்டர் குற்றாலத்துல நனைஞ்சுட்டு இருக்கார்! உங்க சளி, காய்ச்சல் எல்லாம் திங்கட்கிழமை வரைக்கும் லீவு எடுத்துக்கட்டும் 😄🌊"

இது ஒரு கிளினிக் வாட்ஸ்அப் எண்ணில் இருந்து தானாகப் போன பதில். ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமையாக அமைந்து, சனி ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள் லீவு கிடைத்த வாரம். டாக்டர் லீவு போனதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. போகணும், நல்லா நனையணும். எனக்குப் பிரச்சினை அந்த மெசேஜ்தான்.

நண்பர்களே, இது டாக்டர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை. மருந்துக்கடை, லேப், ஸ்கேன் சென்டர், டியூஷன் டீச்சர், ஆடிட்டர்னு யார் எண்ணுக்கு நாலு பேர் அவசரத்தில் மெசேஜ் போடுவாங்களோ, அவங்க எல்லாருக்கும் பொருந்தும். எனக்குத் தெரிந்தது கிளினிக். அதனால் அதையே வைத்துப் பேசுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலை ஒரு மகன், அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து இந்த எண்ணுக்கு அனுப்புகிறார். அம்மாவுக்கு டெங்கு. காய்ச்சல் ஆரம்பித்து ஐந்தாம் நாள். முந்தின ராத்திரியே காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் காலையில் இருந்து நாலு முறை வாந்தி, வயிற்று வலி. "சார், ரிப்போர்ட் பாருங்க, அட்மிட் பண்ணணுமா?" என்று கேட்கிறார். போன இரண்டாவது நொடியில் பதில் வருகிறது, குற்றாலம் ஜோக்.

அந்த அம்மா நாங்கள் இருக்கும் வார்டுக்கு வந்தது ஞாயிறு சாயங்காலம். கை கால் ஜில்லுனு இருந்தது, நாடித்துடிப்பு வேகமாக, பலவீனமாக. குளுக்கோஸ், சலைன் என்று சொல்வோமே, அந்தத் திரவம் ஏற்றி, மணிக்கு மணி பார்த்து, பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கும் போய்விட்டார். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். வாந்தி நிற்காமல் இருப்பது, கடுமையான வயிற்று வலி, ஈறில் ரத்தம், ஒரே சோர்வு, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மகனிடம், ஏன்பா ஒரு நாள் முழுக்க காத்திருந்தீங்கன்னு கேட்டேன். போனைத் திறந்து அந்த மெசேஜைக் காட்டினார். "ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுத்தானே சார் ஜோக் போடுறாரு... அப்போ பயப்பட ஒண்ணும் இல்லைன்னு நினைச்சோம்."

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் படிக்காதவர் இல்லை, அசட்டையானவரும் இல்லை. தானாகப் பதில் போகும் என்பது அதை செட் பண்ணின டாக்டருக்குத் தெரியும். அனுப்புகிறவருக்குத் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான்: நான் ரிப்போர்ட் அனுப்பினேன், டாக்டர் பதில் போட்டார், பதில் சிரிப்பாக இருந்தது. பயந்துபோய் இருக்கிற மனசு, அந்தச் சிரிப்பை ஆறுதலாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு விதமாகவும் இது குத்தும். "சார், அப்பா நேத்து நைட் தவறிட்டார். நீங்க பார்த்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி" என்று ஒரு மகள் அனுப்பினாலும் இதே அருவி, இதே சிரிப்பு பொம்மைதான் போகும். வந்த செய்தி சாவுச் செய்தியா, ரிப்போர்ட்டா என்று அந்த வசதி பார்ப்பதில்லை. எல்லாருக்கும் ஒரே பதில். அப்படியானால் அந்தப் பதில், வரக்கூடிய செய்திகளிலேயே மோசமானதற்குக் கீழே நின்றாலும் கூசாமல் இருக்க வேண்டும்.

சரி, மாற்றி எழுதுவோம். முதலில் மூன்று நாள் லீவு.

குற்றாலம் மெசேஜில் உருப்படியான தகவல் ஒன்றே ஒன்று, "திங்கட்கிழமை வரைக்கும்". அதிலும் சிக்கல். திங்கட்கிழமை இருப்பாரா, மாட்டாரா? தமிழில் இந்த "வரை" பெரிய ஆள். பாதிப் பேர் அந்த நாளையும் சேர்த்து எண்ணுவார்கள், பாதிப் பேர் சேர்க்க மாட்டார்கள். அதனால் எதுவரை இல்லை என்பதோடு நிறுத்தாமல், எப்போது திரும்ப வருவீர்கள் என்பதை நாள், கிழமை, நேரத்தோடு எழுதுங்கள்.

> வணக்கம். இது தானாகச் செல்லும் பதில். உங்கள் செய்தியை டாக்டர் இன்னும் பார்க்கவில்லை.
>
> மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், ரத்தக்கசிவு, நிற்காத வாந்தி இருந்தால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள் அல்லது பக்கத்து மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.
>
> டாக்டர் ஆகஸ்ட் 18 திங்கள் காலை 10 மணிக்கு கிளினிக் வருவார். அன்று உங்கள் செய்தியைப் படித்துப் பதில் சொல்வார். அதற்கு முன் பார்க்க வேண்டுமானால் கிளினிக் எண்ணுக்கு அழையுங்கள்; வேறு மருத்துவரிடம் அனுப்பி வைப்போம்.

முதல் வரியை ஏன் அங்கே வைத்தேன் என்றால், போன் திரையில் மேலே வந்து எட்டிப் பார்க்கிற அறிவிப்பில் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். பல பேர் அதை மட்டும் படித்துவிட்டு போனை வைத்துவிடுவார்கள். "இன்னும் பார்க்கவில்லை" என்பது அவர்கள் கண்ணில் பட்டுவிட வேண்டும். அந்த மகனுக்கு இது ஒன்று தெரிந்திருந்தால் சனிக்கிழமையே கிளம்பியிருப்பார்.

"பார்க்கவில்லை" என்பது மொட்டையாக, மரியாதைக் குறைவாகத் தெரிகிறதே என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "தங்கள் மேலான செய்தி கிடைக்கப்பெற்றோம்" என்று எழுதினால்தான் ஆபத்து. கிடைத்தது என்றால் யாரோ படித்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தமாகும். மரியாதைக்கு ஒரு வணக்கம் போதும், மிச்சம் மரியாதை தகவல் சரியாக இருப்பதில் வந்துவிடும். அதோடு, இந்த மெசேஜை வீட்டில் யாராவது பாட்டிக்கு வாசித்துக் காட்டுவார்கள். வாசித்தால் ஒரே தடவையில் புரிகிற வாக்கியமாக இருக்கட்டும்.

இப்போது நீண்ட லீவு. இங்கேதான் நிறைய பேர், மூன்று நாள் மெசேஜில் தேதியை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடுகிறார்கள். மகப்பேறு விடுப்பில் போன ஒரு டாக்டர் வைத்திருந்த பதில்: "எனக்குப் புது பாஸ் வந்திருக்கார்! வயசு 0, டியூட்டி 24 மணி நேரம். தூக்கம் கிடைச்சதும் உங்களுக்கு ரிப்ளை பண்றேன் 👶"

படித்தால் சிரிப்பு வருகிறது, எனக்கும் வந்தது. ஆனால் கடைசி வரியைப் பாருங்கள், அது ஒரு வாக்குறுதி. தைராய்டு மாத்திரை தீர்ந்துபோய் அளவை மாற்றணுமா என்று கேட்கிறவர், "தூக்கம் கிடைச்சதும்" வரும் பதிலுக்காகக் காத்திருப்பார். வாரம் ஒன்றாகும், இரண்டாகும், மாத்திரை இல்லாமலே ஓட்டுவார். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால், ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்த்துத்தான் அளவு சொல்ல முடியும். அது மூன்று மாதம் காத்திருக்கிற விஷயமே இல்லை.

சின்ன லீவில் "செய்தி இங்கேயே இருக்கட்டும், வந்து பார்க்கிறேன்" என்று சொல்லலாம். நீண்ட லீவில் "இங்கே விட்டு வைக்காதீர்கள், அங்கே கொண்டுபோங்கள்" என்று சொல்ல வேண்டும்.

> வணக்கம். இது தானாகச் செல்லும் பதில். நான் டிசம்பர் 1 திங்கள் அன்று பணிக்குத் திரும்புகிறேன். அதுவரை இந்த எண்ணில் வரும் செய்திகளையும் ரிப்போர்ட்களையும் பார்க்க இயலாது. பிறகும் பழைய செய்திகளுக்குப் பதில் வராது.
>
> என் நோயாளிகளை டாக்டர் ______ பார்க்கிறார். எண் ______, மாலை 5 முதல் 8 வரை. பழைய மருந்துச் சீட்டையும் கடைசி ரிப்போர்ட்டையும் கொண்டு செல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.
>
> அவசரம் என்றால் 108.

"பிறகும் பதில் வராது" என்று எழுத நிறைய பேருக்கு மனசு வராது. எழுதுங்கள். மூன்று மாதத்தில் குவிந்த செய்திகளை ஒரு காலையில் யாரும் பார்த்து முடிக்கப்போவதில்லை. அந்த கோடிட்ட இடத்தில் பெயர் போடும் முன் அந்த டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கேட்காமல் போட்ட பெயரால் முறிந்த நட்பு உண்டு. லீவுக்குக் காரணம் சொல்லணும் என்று கட்டாயம் இல்லை. உங்களுக்கே ஆபரேஷன் என்றால் அது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. "குடும்பத்தோட மூணு வாரம் தாய்லாந்து" என்று எழுதுவது வீடு பூட்டியிருக்கிறது என்று போர்டு மாட்டுவதுதான்.

செட்டிங்கில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். வாட்ஸ்அப் பிசினஸில் Away message-க்குள் Schedule என்று இருக்கும். அதில் Always send வைத்துவிட்டு ஊருக்குப் போனால், திரும்பி வந்த பிறகும் நீங்கள் ஊரிலேயே இருப்பீர்கள். Custom schedule வைத்து ஆரம்பம், முடிவு இரண்டையும் கொடுங்கள். இன்னொன்று, அந்த போனில் இன்டர்நெட் இருந்தால்தான் இந்தப் பதில் போகும். மலையில் சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகிறவர்கள் கிளினிக் போனை கிளினிக்கிலேயே சார்ஜரில் விட்டுப் போவது நல்லது.

ஜிமெயிலில் Vacation responder. அங்கே Last day என்ற பெட்டியைக் காலியாக விடாதீர்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்ப மெயில் போட்டால் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் பதில் போகும். அதனால் "அவசரம்னா இங்கே" என்கிற வரி அந்த ஒரே பதிலுக்குள் இருந்தாக வேண்டும்.

ஜோக்கை என்ன செய்வது? உங்க பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள், நாங்க சிரிக்கிறோம்.

கிளம்புகிறதுக்கு முன் வீட்டில் வேறு யார் போனில் இருந்தாவது உங்கள் எண்ணுக்கு ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கள். "சார், அம்மாவுக்கு மூச்சு வாங்குது" என்று போடுங்கள். அதற்குக் கீழே உங்கள் பதில் வந்து நிற்கும்போது படித்துப் பாருங்கள்.