எஸ்ஐபி பணத்தை எடுக்கும்போது கைக்கு வருவது எவ்வளவு?

மியூச்சுவல் ஃபண்டில் மாதந்தோறும் பணம் போடும் எஸ்ஐபி முறையைப் பலர் ஒரே கணக்காகப் பார்க்கிறார்கள். தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது, இனி எடுத்தால் பிடித்தம் இருக்காது என்று நம்புகிறார்கள். பணம் வங்கிக்கு வரும்போதுதான் சற்றுக் குறைந்திருப்பது தெரிகிறது. குறைந்த தொகையின் பெரும்பகுதி எக்ஸிட் லோடு, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு முன் யூனிட்டுகளைத் திருப்பிக் கொடுப்பவரிடம் பிடிக்கப்படும் வெளியேறும் கட்டணம்.

பங்குகளில் முதலீடு செய்யும் பல திட்டங்களில் இது 1 சதவீதம். ஓராண்டுக்குள் விற்றால் உண்டு, ஓராண்டு கடந்தால் இல்லை. விகிதமும் காலமும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். சில திட்டங்கள் ஓராண்டுக்குள்ளேயே 10 சதவீத யூனிட்டுகளைக் கட்டணமின்றி எடுக்க விடுகின்றன. உங்கள் திட்டத்தின் விதி அதன் தகவல் ஆவணத்தில் இருக்கும்.

அந்த ஓராண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் குழப்பம் வருகிறது. எஸ்ஐபி தொடங்கிய நாளிலிருந்து அல்ல. ஒவ்வொரு தவணையும் தனி முதலீடு. அந்தத் தவணைக்கு யூனிட் ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து அதற்கான ஓராண்டு ஓடத் தொடங்குகிறது. விற்கும்போது முதலில் வாங்கிய யூனிட்டுகளே முதலில் போகும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 2024 ஜனவரி முதல் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி 10,000 ரூபாய் போடுகிறார். 2025 ஜூன் 20 அன்று எல்லாவற்றையும் எடுக்கிறார். மொத்தம் 18 தவணைகள், 1,80,000 ரூபாய். 2024 ஜனவரி முதல் ஜூன் வரையிலான ஆறு தவணைகள் ஓராண்டைத் தாண்டிவிட்டன. அவற்றில் சராசரியாக 50 ரூபாய் விலையில் 1,200 யூனிட்டுகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பன்னிரண்டு தவணைகளில் சராசரி 60 ரூபாய்க்கு 2,000 யூனிட்டுகள். வாங்கும்போது பிடிக்கும் சிறு முத்திரைக் கட்டணத்தை இங்கே விட்டுவிடுவோம்.

விற்கும் நாளில் ஒரு யூனிட்டின் என்ஏவி, அதாவது நிகரச் சொத்து மதிப்பு, 62 ரூபாய். பழைய 1,200 யூனிட்டுகளுக்கு முழு விலை கிடைக்கும்: 74,400 ரூபாய். மற்ற 2,000 யூனிட்டுகளின் மதிப்பு 1,24,000 ரூபாய். அதில் 1 சதவீதம் 1,240 ரூபாய் கழிந்து, 1,22,760 வரும். இரண்டும் சேர்ந்து 1,97,160. பங்குத் திட்டங்களை விற்கும்போது பிடிக்கும் பரிவர்த்தனை வரி இந்தத் தொகைக்கு சுமார் 2 ரூபாய்தான். ஆக, வங்கிக்கு வருவது ஏறத்தாழ 1,97,158 ரூபாய்.

இந்த 1 சதவீதம் லாபத்தின் மீதல்ல, விற்கும் மதிப்பின் மீது கணக்கிடப்படுகிறது. புதிய 2,000 யூனிட்டுகளில் கட்டணத்துக்கு முன் கிடைத்த லாபம் 4,000 ரூபாய். அதில் 1,240 போய்விட்டது. விலை இறங்கி நட்டத்தில் விற்றாலும் பிடித்தம் உண்டு. ஒரு திட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதும் பொதுவாக விற்பனையாகவே கொள்ளப்படும்.

இந்தியாவில் வசிப்பவருக்கு, பணம் தரும்போது மூலதன ஆதாய வரி பிடிக்கப்படுவதில்லை. அதைப் பின்னர் வருமான வரிக் கணக்கில் அவரே செலுத்த வேண்டும். ஓராண்டுக்குள் விற்ற பங்குத் திட்ட யூனிட்டுகளின் ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 20 சதவீத வரி. இங்கே ஆதாயம் 2,760 ரூபாய். 4 சதவீதக் கூடுதல் வரியும் சேர்த்தால் சுமார் 574 ரூபாய். பழைய யூனிட்டுகளின் ஆதாயம் 14,400. அந்த நிதியாண்டின் நீண்டகால ஆதாயங்கள் எல்லாம் சேர்ந்து 1,25,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் இதற்கு வரி இல்லை.

பிடித்த கட்டணம் எங்கே போகிறது? 2012 அக்டோபர் முதல் அது அந்தத் திட்டத்துக்கே திரும்பச் சேர்க்கப்படுகிறது. ஒருவர் அவசரமாக வெளியேறினால், அவருக்குப் பணம் தரத் திட்டம் பங்குகளை விற்க நேரலாம். அந்தச் செலவு தங்கியிருப்பவர்கள் தலையில் விழும். கட்டணம் அதில் ஒரு பகுதியை ஈடு செய்கிறது. ஆகவே இதை வெறும் அபராதமாகப் பார்ப்பது சரியல்ல என்பது என் எண்ணம்.

எஸ்ஐபி ஓடிக்கொண்டிருக்கும் வரை, கடைசிப் பன்னிரண்டு தவணைகள் எப்போதும் ஓராண்டுக்குள்தான் இருக்கும். முழுவதையும் கட்டணமின்றி எடுக்க வேண்டுமானால் தவணையை நிறுத்தி ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் பாதித் தேவைக்கு அது வேண்டியதில்லை. மேலே சொன்னவருக்கு 70,000 ரூபாய் மட்டும் போதுமென்றால், 1,130 யூனிட்டுகளை விற்றால் ஒரு ரூபாய்கூட வெளியேறும் கட்டணம் கிடையாது. முழுத் தொகையும் தேவைப்பட்டால், அடுத்த தவணைக்கு ஓராண்டு முடியட்டும் என்று ஜூலை வரை காத்திருப்பதால் மிஞ்சுவது ஏறத்தாழ 100 ரூபாய். அதற்குள் என்ஏவி 1 சதவீதம் இறங்கினால் குறைவது 1,984 ரூபாய்.