'தோராயமா எவ்வளவு ஆகும்?' - இன்டீரியர் நிறுவனங்களுக்குக் கைகொடுக்கும் ஒரு படிவம்!

"ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட் சார். இன்டீரியர் பண்ண தோராயமா எவ்வளவு ஆகும்?"

இன்டீரியர் டிசைன் தொழிலில் இருப்பவர்களின் வாட்ஸ்அப்பில் தினமும் வந்து விழும் கேள்வி இது. பதில் சொல்லாவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவார். வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொன்னால், பிறகு அதுவே வாக்குறுதியாகிவிடும். 'நேரில் வந்து பார்த்துச் சொல்கிறோம்' என்றால், பாதி நாள் பயணத்திலேயே போய்விடும்.

இதற்காகத்தான் பல நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் விலை மதிப்பீட்டுப் படிவம் வைக்கின்றன. ஆனால், பெயரையும் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு, 'எங்கள் பிரதிநிதி அழைப்பார்' என்று முடிந்துவிடும் படிவத்தால் இரு தரப்புக்கும் பயனில்லை. உருப்படியான படிவத்தை எப்படி அமைப்பது? கோவையில் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு நிறுவனத்தை உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

வாடிக்கையாளருக்குத் தெரிந்ததைக் கேளுங்கள்

'உங்கள் வீடு எத்தனை சதுர அடி?' என்றுதான் பெரும்பாலான படிவங்கள் தொடங்குகின்றன. பில்டர் சொன்ன சதுர அடியில் சுவர், படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் கலந்திருக்கும். அதைவிட முக்கியம், இன்டீரியர் செலவின் பெரும்பகுதி தரையில் இல்லை. கிச்சன் கேபினெட்டிலும் வார்ட்ரோப்பிலும்தான் இருக்கிறது.

எனவே, கேட்க வேண்டியவை வேறு. சமையல் மேடை நேராக இருக்கிறதா, 'ட' வடிவிலா, 'ப' வடிவிலா? இதைப் படம் போட்டுக் காட்டினால் யாரும் தொட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொரு பக்கமும் எத்தனை அடி? எத்தனை வார்ட்ரோப், எவ்வளவு அகலம்? ஒவ்வொரு கேள்விக்கும் 'தெரியாது' என்ற பதிலும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சிலர் பாதியில் வெளியேறுவார்கள், சிலர் எதையாவது நிரப்பி வைப்பார்கள்.

அளவு கேட்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. 10 அடி 6 அங்குலத்தைப் பலரும் 10.6 என்று எழுதுவார்கள். உண்மையில் அது 10.5 அடி. அடிக்கு ஒரு கட்டம், அங்குலத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. பில்டர் தந்த வரைபடத்தைப் பார்த்து 3.05 என்று மீட்டரில் நிரப்புபவர்களும் உண்டு. எனவே, மேடையின் நீளம் 4 அடிக்குக் குறைவாக வந்தால், 'இது அடிக்கணக்குதானா?' என்று படிவமே திருப்பிக் கேட்க வேண்டும்.

கணக்கு எப்படி ஓடுகிறது?

ஒரு குடும்பம் இப்படி நிரப்புகிறது: 'ட' வடிவ மேடை, ஒரு பக்கம் 10 அடி, மறுபக்கம் 8 அடி. 7 அடி அகலத்தில் இரண்டு வார்ட்ரோப்.

மேடையின் ஆழம் சுமார் 2 அடி. மூலை இரண்டு பக்கத்திலும் எண்ணப்படுவதால் 2 அடியைக் கழித்தால், 18 அடி 16 ஆகிறது. கீழ் கேபினெட்டின் உயரத்தை 2.75 அடி என்று வைத்தால் 44 சதுர அடி. மேலே ஜன்னல், சிம்னி, மூலை ஆகியவை போக 10 அடி மிஞ்சும். 2 அடி உயரத்துக்கு 20 சதுர அடி. ஆக, கிச்சன் 64 சதுர அடி. வார்ட்ரோப்கள் 7 அடி உயரத்தில், இரண்டும் சேர்ந்து 98 சதுர அடி.

இந்த நிறுவனத்தின் விலை, கிச்சனுக்கு சதுர அடிக்கு 1,600 முதல் 1,900 ரூபாய், வார்ட்ரோப்புக்கு 1,300 முதல் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டிராயர், கூடை, கீல் போன்றவற்றுக்குத் தனியாக 30,000 முதல் 50,000 ரூபாய். கூட்டினால் குறைந்தபட்சம் 2,59,800, அதிகபட்சம் 3,18,600. இதோடு 18% ஜி.எஸ்.டி சேரும்.

குறைந்த தொகையைக் கீழ்நோக்கியும், அதிகத் தொகையை மேல்நோக்கியும் முழுமையாக்க வேண்டும். கூகுள் ஷீட்டில் இது இரண்டே வரி:

```
=FLOOR(259800*1.18, 10000)
=CEILING(318600*1.18, 10000)
```

திரையில் வருவது: '3 லட்சம் முதல் 3.8 லட்சம் ரூபாய் வரை.' இதுவே '3,06,564 ரூபாய்' என்று காட்டினால், அளந்து பார்த்துச் சொன்ன விலை என்று குடும்பம் நம்பிவிடும். கிச்சன் அளவு 'தெரியாது' என்று சொன்னவருக்கு, மேடையை 12 முதல் 18 அடி என்று வைத்துக் கணக்கிட்டால், '2.7 முதல் 4 லட்சம்' என்று இடைவெளி அகலும். 'டேப் வைத்து அளந்து சொன்னால், இன்னும் துல்லியமாகச் சொல்வோம்' என்று கீழே ஒரு வரி சேர்த்தால் போதும்.

தொகைக்குக் கீழேயே, இதில் சேராதவற்றையும் எழுதிவிட வேண்டும். கிரானைட், சிம்னி, அடுப்பு, வயரிங், ஃபால்ஸ் சீலிங் என ஒவ்வொன்றாக. வங்கிக் கடனுக்குத் திட்டமிடும் குடும்பத்துக்கு, தொகையைவிட இந்தப் பட்டியல் முக்கியம்.

நம்பரை எப்போது கேட்பது?

தொகையைக் காட்டிய பிறகுதான். முதலிலேயே கட்டாயப்படுத்தினால், தப்பான நம்பர்தான் வரும். தொகையைப் பார்த்தவரிடம், 'பொருள்வாரியான விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பவா?' என்று கேட்டால், விருப்பமுள்ளவர் தானே தருவார். எதற்காக நம்பர் வாங்குகிறோம் என்பதையும் அங்கேயே சொல்லி, ஒப்புதல் பெற வேண்டும்.

அதோடு மூன்று கேள்விகள். உங்கள் பின்கோடு என்ன? வீட்டுச் சாவி எப்போது கைக்கு வரும்? இந்தத் தொகை உங்கள் திட்டத்துக்குள் வருகிறதா?

விசாரிப்புகளைப் பிரித்துக் கொடுப்பவை இவைதான். கோவைக்குள் வீடு, மூன்று மாதத்துக்குள் சாவி, தொகையும் சரி என்றால், அன்றே அழைத்து நேரில் போக நாள் குறிக்கலாம். சாவி வர எட்டு மாதம் ஆகும் என்பவருக்கு விவரத்தை மட்டும் அனுப்பிவிட்டு, ஆறாவது மாதம் பேசலாம். தொகை அதிகம் என்பவரை ஒதுக்க வேண்டியதில்லை. இப்போது கிச்சன் மட்டும், வார்ட்ரோப் அடுத்த ஆண்டு என்று பிரித்துச் சொல்லலாம். 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொள்ளாச்சியிலிருந்து கேட்பவருக்கு, முதலில் வீடியோ காலில் பேசிவிட்டு, பிறகு பயணத்தை முடிவு செய்யலாம்.

எதில் செய்வது, எப்படிச் சரிபார்ப்பது?

கூகுள் ஃபார்ம்ஸில் கேள்வி கேட்கலாம்; ஆனால், நிரப்பியவருக்கு உடனே விலையைக் கணக்கிட்டுக் காட்ட அதில் வழியில்லை. கணக்கிடும் வசதியுள்ள படிவம் தேவை, அல்லது இணையதளத்திலேயே சிறிய நிரல் எழுத வேண்டும். எதுவானாலும், சதுர அடி விலைகளைத் தனி ஷீட்டில், மாற்றிய தேதியோடு வைத்திருப்பது நல்லது. ப்ளைவுட் விலை ஏறும்போது அந்த ஒரு இடத்தில் திருத்தினால் போதும்.

வெளியிடும் முன் ஒரு சோதனை அவசியம். முடித்த வேலைகளில் பத்தை எடுத்து, அந்த வாடிக்கையாளர்கள் முதல் நாள் சொன்ன தகவலை மட்டும் படிவத்தில் நிரப்பிப் பார்க்க வேண்டும். கடைசியில் போட்ட பில், படிவம் காட்டும் இரண்டு தொகைகளுக்கு நடுவே விழுகிறதா? ஒன்றிரண்டு தவறினால் பரவாயில்லை. நான்கைந்து பில்கள் மேல் தொகையைத் தாண்டினால், ஏதோ ஒரு பொருள் கணக்கில் விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் அது வார்ட்ரோப்புக்கு மேலே வரும் லாஃப்ட்டாகவோ, பக்கவாட்டுப் பேனலாகவோ இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சேர்த்த பிறகு படிவத்தை இணையத்தில் ஏற்றலாம்.