பார்த்ததை எழுது, பக்கத்தில் நேரத்தைப் போடு

போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு இங்கிலாந்திலிருந்து போன். மும்பையில் என்கூட நர்ஸாக இருந்துவிட்டு அங்கே போன பெண். "அக்கா, கரோனருக்கு ஸ்டேட்மெண்ட் எழுதித் தரச் சொல்றாங்க. என்னை உள்ள தூக்கி வெச்சிடுவாங்களா?" என்று ஒரே அழுகை.

நம்ம மும்பையிலும் கரோனர் இருந்தார், 1999-ல் அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள். இங்கே இப்போது போலீஸ்தான் விசாரிக்கும். இங்கிலாந்தில் கரோனர் இன்னும் உண்டு. இறந்தது யார், எப்போது, எங்கே, எப்படி என்பதுதான் அவர் கேள்வி. இன்னார் குற்றவாளி என்று தீர்ப்பு எழுத அவருக்கு அதிகாரம் கிடையாது. நானும் சில வருஷம் அங்கே வேலை பார்த்து, ஒருமுறை இதே மாதிரி எழுதிக் கொடுத்தவள் என்பதால், எழுதினதை அனுப்பு பார்க்கலாம் என்றேன்.

நாலு பக்கம் வந்தது. அதில் பாதி, டாக்டர் எவ்வளவு மெத்தனம் என்பது. "டாக்டர் மிகத் தாமதமாக வந்தார், அதனால்தான் நோயாளி இறந்தார்" என்று ஒரு வரி. அம்மா தாயே, எதனால் இறந்தார் என்று சொல்ல நீ யார்? அதற்குப் பிரேதப் பரிசோதனை செய்தவர் இருக்கிறார். உன் கையில் இருப்பது அந்த ராத்திரி மட்டும்தான். ஆஸ்பத்திரி சட்டப் பிரிவில் கேட்டு நோயாளியின் குறிப்புகளின் நகலை வாங்கி, பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுது என்றேன்.

மறுபடி எழுதினபோது அந்த வரி இப்படி மாறியது. 2.10-க்குப் பார்த்தேன். மூச்சு நிமிடத்துக்கு 24, ஆக்சிஜன் 93, நாடி 112, மேல் ரத்த அழுத்தம் 104. அவர்கள் கணக்குப்படி மொத்தம் 7 மதிப்பெண், அதாவது உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய நிலை. 2.15-க்குக் கூப்பிட்டேன், பதில் இல்லை. 2.25-க்கு மறுபடி கூப்பிட்டேன், வேறு வார்டில் இருப்பதாகச் சொன்னார். 3.05-க்கு வந்தார். அவ்வளவுதான். 'மிகத் தாமதம்' என்ற வார்த்தையே வேண்டாம், 2.15-ம் 3.05-ம் போதும். வேறு வார்டில் அந்த டாக்டர் யார் உயிரோடு போராடிக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாதே.

நைட் ஷிப்டில் இன்னொரு வம்பு. பன்னிரண்டு மணிக்குத் தேதி மாறிவிடும். ஷிப்ட் ஆரம்பித்த தேதியையே கடைசி வரை போட்டிருந்தாள். இறந்த நேரம் ஒருநாள் முன்னால் போய்விட்டது!

உதவியாளப் பெண் 1.50-க்கு "நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னார்" என்று இவளிடம் சொல்லியிருக்கிறாள். இவளோ "நோயாளிக்கு நெஞ்சு வலி இருந்தது" என்று எழுதிவிட்டாள். பிறர் சொன்னதை எழுதக் கூடாது என்றில்லை. யார், எப்போது சொன்னார், நான் நேரில் கேட்கவில்லை என்று சேர்த்து எழுத வேண்டும். உதவியாளரிடம் தேவைப்பட்டால் தனியாக வாங்கிக்கொள்வார்கள்.

இதெல்லாம் சுலபம். கஷ்டமானது 12.30. அந்த நேரத்துக்கு ஒருமுறை பார்த்திருக்க வேண்டும், குறிப்பில் ஒன்றுமில்லை. "எட்டிப் பார்த்தேன் அக்கா, தூங்கிட்டிருந்தார். வேற பெட்ல ஒருத்தர் விழுந்துட்டார், எழுதல. இப்ப சேர்த்துடலாமா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்ப்யூட்டரில் எதை எப்போது தட்டினாலும் தட்டின நேரம் பதிவாகும். அது இல்லாவிட்டாலும் செத்தவர் குறிப்பில் கைவைப்பதா? எழுத மறந்தது ஒரு தவறு. இப்போது நுழைத்தால் அது பொய், வேலைக்கான பதிவையே இழக்க நேரிடும். (அன்று விடியற்காலை 5.20-க்கு, 3.05-ன் விவரத்தைப் 'பின்னர் எழுதியது' என்று குறித்தே எழுதியிருந்தாள். அது சரியான முறை.)

சில சீனியர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். கூடிய மட்டும் சுருக்கு, இடறும் இடத்தில் 'ஞாபகமில்லை' போடு என்று. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஞாபகம் இருப்பதை இல்லை என்பதும் பொய்தான். அந்தக் காகிதம் இறந்தவர் குடும்பத்துக்கும் போகும். அவர்கள் கோர்ட்டில் நேரடியாகக் கேள்வி கேட்கலாம். நான் போனபோது இறந்தவரின் மகள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "கடைசியா அப்பா முழிச்சிருந்தப்ப நீங்க கூட இருந்தீங்களா?" என் தாளில் அந்த நேரம் இருந்தது, சொல்ல முடிந்தது.

கடைசியில் அவள் எழுதினது இரண்டே பக்கம். குறிப்பிலிருந்து எடுத்தது எது, ஞாபகத்திலிருந்து எது, அந்த வார்டில் வழக்கமாகச் செய்வது எது என்று தனித்தனியாகத் தெரியும்படி. 12.30-க்கு நேரே இப்படி இருக்கிறது: "எட்டிப் பார்த்ததாக ஞாபகம். தூங்கிக்கொண்டிருந்தார். நான் குறிப்பு எழுதவில்லை." சட்டப் பிரிவில் பார்த்துவிட்டு, மொழியைக் கொஞ்சம் சரிசெய்யலாமா என்று கேட்டார்களாம். எழுத்துப்பிழையைத் திருத்தட்டும், அந்த மூன்று வாக்கியத்தைத் தொடவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுகிறாள்.