ஆச்சியின் காதில் தங்கம் போட்டது யார்?

"ரெண்டு படத்தையும் உள்ள போடுங்கண்ணே. முதல் படத்துல இருக்கிற ஆளு, ரெண்டாவது படத்தோட ஸ்டைல்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. மத்ததை அது பாத்துக்கும்."

சொன்னது என் சித்தப்பா மகன். அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. படம் உருவாக்கும் ஏஐ பற்றி நம் ஆட்கள் போடும் வீடியோக்களில் முக்கால்வாசி இந்த ஒரு வரியைத்தான் பத்து நிமிஷத்துக்கு நீட்டிச் சொல்கின்றன. நானும் சாஃப்ட்வேரில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியவன். அந்த வரியை நம்பினேன்.

முதல் படம், எங்கள் ஆச்சியின் புகைப்படம். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கவாட்டிலிருந்து வெயில். கருத்த முகம், நெற்றி முழுக்கச் சுருக்கம், வெறுங்கழுத்து, தோள் வரை தொங்கும் வளர்த்த காது. காதில் ஒன்றும் இல்லை. இரண்டாவது படம், தஞ்சாவூர் ஓவியம் ஒன்று. வெண்ணெய்ப் பானையோடு கிருஷ்ணன், சுற்றித் தங்க வளைவு, இரண்டு பக்கமும் தூண், மேலே திரைச்சீலை. ஆச்சியின் நினைவு நாளுக்குத் தஞ்சாவூர் பாணியில் ஒரு படம் செய்து வீட்டில் மாட்டலாம் என்பது திட்டம்.

வந்த படம் அழகாகத்தான் இருந்தது. வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பத்து இதயம், நாலு கும்பிடு. அப்புறம் அத்தையிடமிருந்து போன்.

"ஏலே, ஆச்சி காதுல ஏதுல தங்கம்? பாம்படத்தை வித்துத்தான உங்கப்பன் காலேஜுக்குப் போனான்?"

திரும்பப் பார்த்தேன். காது குட்டையாகி, அதில் ஒரு ஜிமிக்கி தொங்கியது. கழுத்தில் மூன்று சரம். முகம் இரண்டு சுற்று பெருத்து, நிறம் கோதுமைக்கு வந்திருந்தது. மடியில் ஒரு பானை வேறு. எங்கள் குடும்பத்தின் ஒரே வரலாற்று ஆவணம் அந்த வெறும் காது. அதைத்தான் நான் தங்கத்தால் அடைத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

கருவி தப்பு செய்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். அப்படிச் சொல்ல மாட்டேன். நான் கேட்டதை அது அப்படியே செய்தது. தப்பு அந்த வரியில் இருக்கிறது. ஆள் ஒரு படத்தில், ஸ்டைல் இன்னொரு படத்தில் என்று நினைப்பதே தப்பு. ஸ்டைல் என்பது சட்டை மாதிரி, ஒருத்தர் உடம்பிலிருந்து கழற்றி இன்னொருத்தருக்குப் போடலாம் என்ற நம்பிக்கை அந்த வரிக்குள் ஒளிந்திருக்கிறது.

தஞ்சாவூர் ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். மரப்பலகையில் துணியை ஒட்டி, சுண்ணப் பூச்சு பூசி, நகையும் வளைவும் வரும் இடங்களில் பசையால் மேடு கட்டி, கல் பதித்து, மேலே தங்கத் தாளை ஒட்டுவார்கள். மிச்ச இடத்தில் தட்டையான அடர்ந்த வண்ணம். இப்போது சொல்லுங்கள், அந்த ஓவியத்தில் நகை என்பது ஸ்டைலா, பொருளா? மேடு கட்டித் தங்கம் ஒட்டுவதுதான் அந்தப் பாணியின் உயிர். அந்தத் தங்கத்தில் பெரும்பகுதி சாமியின் உடம்பில்தான் இருக்கிறது. "இந்த ஸ்டைலில் வரை" என்றால் உடம்பில் தங்கம் போடு என்றும்தான் அர்த்தம். உருண்ட முகமும் அப்படித்தான், சுருக்கமில்லாத தோலும் அப்படித்தான்.

இயந்திரத்துக்குள்ளும் ஸ்டைலுக்கென்று தனி அலமாரி கிடையாது. 2015இல் காட்டிஸும் அவருடைய சகாக்களும் நரம்பு வலையமைப்பை வைத்து ஒரு புகைப்படத்தை வான்கோ ஓவியம் போல மாற்றிக் காட்டியபோது, ஸ்டைல் என்பதற்குக் கறாரான ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். எந்த வடிவம் படத்தில் எங்கே இருக்கிறது என்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு, எந்தெந்த அம்சங்கள் சேர்ந்தே வருகின்றன என்பதை மட்டும் அளந்தார்கள். கிட்டத்தட்ட துணியின் நெசவை மட்டும் எடுத்துக்கொள்வது மாதிரி. அதில் ஆச்சி ஆச்சியாகவே இருந்திருப்பாள், மேலே வண்ணத் தீற்றல் மட்டும் படிந்திருக்கும். 2023இல் வந்த ஐபி-அடாப்டர் போன்ற முறைகள் வேறு வழியில் போகின்றன. குறிப்புப் படம் முழுவதையும் சுருக்கி, சில எண் வரிசைகளாக்கி, பிராம்ப்ட்டின் சொற்களோடு சேர்த்து ஊட்டுகின்றன. அந்தச் சுருக்கத்தில் தங்கம், பானை, வெளுத்த முகம், தட்டை வண்ணம் எல்லாம் ஒன்றாகக் கரைந்து கிடக்கும். ஸ்டைல் படத்திலிருந்த பொருட்கள் புதுப் படத்துக்குள் ஒழுகுவதற்கு இத்துறையில் தனிப் பெயரே உண்டு. அதைக் குறைக்க, 2024இல் வந்த இன்ஸ்டன்ட்ஸ்டைல் என்ற முறை, ஸ்டைல் படத்தை மாடலின் குறிப்பிட்ட சில அடுக்குகளில் மட்டும் செலுத்துகிறது. ஒழுக்கு குறைகிறது. ஆனால் நகை ஸ்டைலா பொருளா என்ற கேள்விக்கு எந்த அடுக்கும் பதில் சொல்லாது.

"அதுக்குத்தான் வெயிட் இருக்கே ப்ரோ" என்பார்கள். இருக்கிறது. மிட்ஜர்னியில் `--sref` என்று ஸ்டைல் படத்தைக் கொடுத்து, `--sw` என்று 0 முதல் 1000 வரை அதன் அழுத்தத்தைச் சொல்லலாம். ஆனால் அது ஒரே ஒரு குமிழ். எனக்கு வளைவில் தங்கம் கூட வேண்டும், காதில் தங்கம் அறவே கூடாது. ஒரே குமிழை ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் திருக முடியுமா?

அதனால் நான் சொல்வது இதுதான். எழுதுவதற்கு முன் இரண்டு படங்களையும் உட்கார்ந்து பாருங்கள். அவை எங்கெங்கே சண்டை போடுகின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். என் தாளில் ஐந்து சண்டை இருந்தது.

நிறம்: ஆச்சி ஜெயிக்க வேண்டும். வெளிச்சம்: புகைப்படத்தில் வெயிலும் நிழலும், ஓவியத்தில் நிழலே கிடையாது. இங்கே ஓவியம் ஜெயிக்கட்டும். இல்லாவிட்டால் தட்டை வண்ணம் கெட்டு, மேலே ஃபில்டர் போட்ட போட்டோ மாதிரி ஆகிவிடும். பின்னணி: திண்ணை வேண்டாம், வளைவு வரட்டும். சுருக்கம்: இது கஷ்டம். தட்டை வண்ணத்தில் சுருக்கத்துக்கு இடமில்லை, கோடாகத்தான் வரும். நெற்றியில் சில கோடுகளுக்குச் சம்மதித்தேன். அந்த அளவுக்கு ஆச்சியின் முகத்தை இழக்கிறேன் என்று தெரிந்தே சம்மதித்தேன். கடைசிச் சண்டை தங்கம். புகைப்படத்தில் தங்கமே இல்லை. ஓவியத்தில் தங்கம் உடம்பில் இருக்கிறது. எது ஜெயித்தாலும் எனக்குத் தோல்வி. வளைவிலும் ஓரத்திலும் மட்டும் தங்கம் என்று நானே ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

அப்புறம் எழுதிய பிராம்ப்ட் இது:

```
Image 1: the woman. Keep her face, age, forehead lines,
deep brown skin, bare neck, and both long stretched
earlobes hanging as empty open loops. Plain cotton sari.
Image 2: technique only. Flat opaque colour, even dark
outlines, even light, raised gold work.
Gold appears only in the arch and border around her.
She sits facing front, hands empty on her lap.
```

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, "நகை வேண்டாம்" என்று எங்குமே எழுதவில்லை. இந்த மாடல்களில் பல, மறுப்பைச் சரியாகப் பிடிப்பதில்லை. நகை என்ற சொல் வந்தாலே நகையும் வந்துவிடலாம். அதனால் இல்லாததைச் சொல்லாமல், அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னேன்: வெறும் கழுத்து, திறந்த வளையமாகத் தொங்கும் காது, மடியில் வெறுங்கை. இரண்டு, "மாஸ்டர்பீஸ்", "8கே", "சினிமாட்டிக்" எதுவும் இல்லை. சினிமா வெளிச்சம் கேட்டிருந்தால், நான் ஒழித்த நிழல் கொல்லைப்புறமாகத் திரும்ப வந்திருக்கும். மூன்று, தங்கத்தைப் பற்றிய வரி. அது எந்தப் படத்திலும் இல்லாதது. இரண்டு படங்களையும் ஒரே படமாக ஆக்குவது அந்த வரிதான்.

ஸ்டைல் படத்தையும் மாற்றினேன். கிருஷ்ணனை வெட்டிவிட்டு, வளைவும் தூணும் ஓரமும் உள்ள பகுதியை மட்டும் கொடுத்தேன். முகமே இல்லாத படத்திலிருந்து முகம் ஒழுகாது. ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு: அதே ஸ்டைல் படத்தை வைத்துக்கொண்டு, ஆளுக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் போட்டோவைப் போடுங்கள். நாற்காலிக்கு மாலை விழுந்தால், அது ஸ்டைல் படம் கொண்டுவந்த மாலை. இன்னொன்று, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். கருவி அனுமதித்தால் சீட் எண்ணைப் பூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் மாற்றம் உங்கள் சொல்லால் வந்ததா, தற்செயலாக வந்ததா என்று தெரியாமலே போய்விடும்.

"புது மாடல்களுக்கு இவ்வளவு தேவையில்லை, ஒரு வரியிலேயே புரிந்துகொள்கின்றன" என்று ஒரு எதிர்வாதம் வரும். பாதி உண்மை. பல படங்களை வாங்கிக்கொண்டு, சொன்னதைக் கேட்கும் திறன் கூடியிருக்கிறது. அதனால்தான் என் ஏழு வரி வேலை செய்தது. ஆனால் சொல்லாததை அவை எப்படிக் கேட்கும்? வெறும் காதைப் பார்த்தால் தங்கம் போட வேண்டிய இடம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அது அப்படியே இருக்க வேண்டும் என்பது அத்தைக்குத் தெரியும், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கருவிக்கு எதுக்குத் தெரிய வேண்டும்? "மத்ததை அது பாத்துக்கும்" என்று நாம் விடும் இடத்தையெல்லாம் அது வழக்கமானதைக் கொண்டு நிரப்பும். வழக்கமானது என்றால் வெளுத்த முகம், நிறைந்த கழுத்து, இளமை. நம் வீட்டுப் பாட்டிகளில் எத்தனை பேர் அந்த வழக்கத்துக்குள் அடங்குவார்கள்?

எல்லாம் செய்த பிறகும் எட்டுப் படங்களில் இரண்டில்தான் காது சரியாக வந்தது. மற்றவற்றில் வளையம் மூடிக்கொண்டது, அல்லது தோள் சேலையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதில் உள்ள தங்கம் மேடு கட்டிய தங்கம் அல்ல, மேட்டின் படம் மட்டும்தான். அச்சடித்தால் தடவிப் பார்க்க ஒன்றும் இருக்காது. அதையும் மறைக்கத் தேவையில்லை.

இந்தத் தடவை குழுவில் போடவில்லை. அத்தைக்கு மட்டும் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"மூக்கு எங்கம்மா மூக்கு இல்லல," என்றாள். பிறகு, "காது அவ காதுதான்."