உரிமம் ஒருவருக்கு, வசூல் இன்னொருவருக்கா?

தாராவியின் தையல் பட்டறைகளிலும் தோல்பொருள் கூடங்களிலும் உழைப்போரில் பலருக்குப் பீஸ் கணக்கில்தான் கூலி. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு மாதம் உடல்நலம் குன்றினால் வருமானம் நின்றுவிடும். மருத்துவச் செலவோ பள்ளிக் கட்டணமோ குறுக்கிடும்போது இவர்களுக்கு முன்பு கதவைத் தட்டிய வட்டிக்காரர், குறைந்தபட்சம் முகம் தெரிந்தவர். இன்று அவர் கைப்பேசிக்குள் செயலியாக வருகிறார். பத்து நிமிடத்தில் பணம் என்கிறார். “ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனத்துடன் இணைந்தது” என்று ஒரு வரியையும் காட்டுகிறார். அந்த வரி உண்மைதானா, உண்மையானால் யாருடைய பதிவைக் குறிக்கிறது என்பதே கேள்வி.

செயலி என்பது கடன் கொடுப்பவர் அல்ல. பெரும்பாலும் அது ஒரு வாசல் மட்டுமே. கடன் கொடுப்பது வங்கியாக இருக்க வேண்டும். அல்லது ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45-ஐஏ பிரிவின்கீழ் பதிவு பெற்ற, வங்கி அல்லாத நிதி நிறுவனமாக இருக்க வேண்டும். அத்தகைய நிறுவனத்துக்காக வாடிக்கையாளரைத் தேடித் தரும் வேலையை ஒரு செயலி செய்வது சட்டவிரோதம் அல்ல. ஆனால் பதிவு பெற்ற நிறுவனம் தன் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, யாருக்குக் கடன், என்ன வட்டி, எப்படி வசூல் என்ற எல்லாவற்றையும் செயலிக்காரரே முடிவு செய்தால், அங்கே நடப்பது உரிமத்தை வாடகைக்கு விடும் வியாபாரம்.

இது வெறும் ஊகம் அல்ல. மும்பையைச் சேர்ந்த பாலிடெக்ஸ் இந்தியா என்ற நிதி நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழை 2024 ஜூலையில் ரிசர்வ் வங்கி ரத்து செய்தது. அந்நிறுவனம் கடன் வழங்கிய ‘இசட்2பி’ செயலி வேறொரு தொழில்நுட்ப நிறுவனத்துக்குச் சொந்தமானது. கடன் கொடுப்பவர் தாமே எடுக்க வேண்டிய அடிப்படை முடிவுகளை வெளியாருக்கு ஒப்படைத்துவிட்டதே முக்கியக் குற்றச்சாட்டு. அதற்கு முன்னரே, 2022 மே மாதத்தில், யுஎம்பி செக்யூரிட்டீஸ், அனஸ்ரீ ஃபின்வெஸ்ட், சத்தா ஃபைனான்ஸ், அலெக்ஸி ட்ராகான், ஜூரியா ஃபைனான்சியல் சர்வீசஸ் ஆகிய ஐந்து நிறுவனங்கள் பிறருடைய செயலிகள் வழியாக நடத்திய கடன் வியாபாரத்தில் விதிகளை மீறியதற்காகப் பதிவை இழந்தன. இவை எல்லாமே ரத்தாகும் நாள்வரை பதிவுப் பட்டியலில் இருந்தவை. ஆகவே “பதிவு இருக்கிறதா?” என்ற ஒற்றைக் கேள்வி போதாது. அந்தப் பதிவுக்கும் இந்தச் செயலிக்கும் உள்ள தொடர்பு என்ன என்பதையும் கேட்டாக வேண்டும்.

எடுத்துக்காட்டாக, தாராவியின் தையல் தொழிலாளி ஒருவர் செயலி ஒன்றில் 5,000 ரூபாய் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செயல்முறைக் கட்டணம் என்று 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 3,500 ரூபாய் வருகிறது. ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும். கையில் வந்த பணத்தின்மீது ஒரு வாரத்துக்கு ஏறத்தாழ 43 விழுக்காடு. ஆண்டுக் கணக்கில் இரண்டாயிரம் விழுக்காட்டைத் தாண்டுகிறது. கடனுக்கு முன்பே தர வேண்டிய முக்கிய விவர அறிக்கையில் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. அந்த அறிக்கை வராவிட்டால், அதுவே முதல் எச்சரிக்கை.

அவர் சரிபார்க்க வேண்டியது மூன்று இடங்களில். முதலாவது, கடன் ஒப்பந்தம். அதில் செயலியின் பெயரைத் தேடக் கூடாது; கடன் தருபவர் என்ற இடத்தில் எழுதப்பட்ட நிறுவனத்தின் முழுப்பெயரைத் தேட வேண்டும். அந்தப் பெயரை rbi.org.in தளத்தில் உள்ள நிதி நிறுவனங்களின் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். பதிவு ரத்தானவற்றின் பட்டியலையும் பார்க்க வேண்டும். ஒரு சொல் மாறினாலும் அது வேறு நிறுவனமாக இருக்கலாம்.

இரண்டாவது, எதிர்த்திசையில் சரிபார்ப்பது. “அந்த நிறுவனம் எங்கள் கூட்டாளி” என்று செயலி சொல்வது சான்று ஆகாது. “இந்தச் செயலி எங்களுடையது” என்று நிறுவனம் சொல்ல வேண்டும். தங்களுக்காக இயங்கும் செயலிகளின் பட்டியலைக் கடன் நிறுவனங்கள் தம் இணையதளத்தில் வெளியிட்டே ஆக வேண்டும். அந்த இணையதளத்துக்குச் செயலி தரும் இணைப்பு வழியாகச் செல்லாமல் தனியாகத் தேடிச் செல்வது நல்லது. இதோடு, 2025 ஜூலை 1 முதல் ரிசர்வ் வங்கியே தன் தளத்தின் Citizen's Corner பகுதியில் கடன் செயலிகளின் பட்டியலை வைத்திருக்கிறது.

மூன்றாவது, வங்கிக் கணக்கு. விதிப்படி கடன் பணம் நிதி நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேரடியாகக் கடன் வாங்குபவரின் கணக்குக்கு வர வேண்டும். தவணையும் நேரே அந்நிறுவனத்துக்கே செல்ல வேண்டும். செயலிக்காரரின் கணக்கு நடுவில் வரக் கூடாது. பாஸ்புக்கில் வேறொரு பெயர் இருந்தாலோ, தவணையைத் தனிநபரின் யுபிஐ முகவரிக்கு அனுப்பச் சொன்னாலோ, முகமூடி கழன்றுவிட்டது என்று பொருள். பணப் பரிமாற்றச் சேவை நிறுவனத்தின் பெயர் சில வேளைகளில் முறையாகவே பதிவாகக்கூடும். அப்போது நிதி நிறுவனத்திடமே எழுதிக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். செயலி தொடர்புப் பட்டியலையோ படங்களையோ கேட்டால் அதுவும் விதிமீறல்; உறவினரையும் மேஸ்திரியையும் அழைத்து அவமானப்படுத்தும் வசூலுக்கு அதுதான் ஆயுதம்.

இந்த வேறுபாடு ஏட்டளவிலானது அல்ல. பதிவு பெற்ற நிறுவனம் பின்னால் இருந்தால், அதன் குறைதீர் அலுவலரிடம் புகார் தரலாம். முப்பது நாளில் தீராவிட்டால் cms.rbi.org.in வழியாக ரிசர்வ் வங்கியிடம் புகாரை எடுத்துச் செல்லலாம்; குறைதீர்ப்பாளர் திட்டத்துக்கு உட்பட்ட நிறுவனமானால் அது குறைதீர்ப்பாளரிடம் போகும். செயலியின் அத்துமீறலுக்கும் அந்நிறுவனமே பொறுப்பு. பதிவு பெற்ற எவரும் பின்னால் இல்லையென்றால் குறைதீர்ப்பாளரின் கதவு திறக்காது. அப்போது sachet.rbi.org.in தளமும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணும், காவல் நிலையமும்தான் வழி.

ஆனால் பத்து மணி நேரம் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவர், ஆங்கிலத்தில் உள்ள பட்டியல்களைப் புரட்டிப் புலனாய்வு செய்ய வேண்டும் என்பது என்ன நியாயம்? ரிசர்வ் வங்கியின் செயலிப் பட்டியல்கூட நிறுவனங்கள் தந்த தகவலை அப்படியே வெளியிடுவதுதான். வங்கி அதைச் சரிபார்ப்பதில்லை. உரிமத்தை வாடகைக்கு விடும் நிறுவனமும் தன் வாடகைதாரரை அதில் சேர்த்துவிட முடியும். 2021இல் ரிசர்வ் வங்கியின் பணிக்குழு ஆராய்ந்தபோது, இந்தியப் பயனாளர்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. ஒழுங்குமுறைக்கு உட்படாத கடன் தொழிலைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு அதற்கான வரைவை வெளியிட்டதோ 2024 டிசம்பரில்.

வரைவு நிலையிலேயே அதை உறங்கவிடாமல் சட்டமாக்க வேண்டும். செயலிப் பட்டியலில் இடம்பெறும் ஒவ்வொரு பெயரையும் ரிசர்வ் வங்கி தானே சரிபார்க்க வேண்டும். பட்டியலைத் தமிழ், மராத்தி, இந்தி உள்ளிட்ட மொழிகளிலும் தர வேண்டும். பெயரை வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் பதிவை ரத்து செய்வதோடு நில்லாமல், பறித்த கட்டணத்தைக் கடன் வாங்கியவருக்குத் திருப்பித் தரச் செய்ய வேண்டும். பாஸ்புக்கை ஆராயும் பொறுப்பை உழைப்பாளியின் தோளில் ஏற்றிவிட்டு, உரிமம் வழங்கியவர்கள் கைகழுவிக்கொள்ள முடியாது.