காய்ச்சலுக்கு அபராதம்

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி ஒன்று. அதன் தையல் பிரிவு சூப்பர்வைசர் ஒரு தாள் எழுதி, பஞ்சிங் மிஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அங்கே வேலை செய்யும் தோழர் ஒருவர் அதைப் பிரதி எடுத்துவந்து நம்மிடம் கொடுத்தார். அரைப் பக்கம்தான். அப்படியே தருகிறோம்.

“1. திடீரென்று காய்ச்சல், உடம்புவலி, இருமல் வந்தவர்கள் வேலைக்கு வர வேண்டாம். ஷிஃப்ட் தொடங்கும் முன் போன் செய்தால் போதும். வீட்டிலிருந்து யார் பேசினாலும் சரி.

2. முதல் மூன்று நாளுக்கு டாக்டர் சீட்டு கேட்கமாட்டோம். சம்பளம் உண்டு. வருஷத்துக்கு ஆறு நாள் வரை இப்படி எடுக்கலாம்.

3. இந்த நாட்களுக்காக அட்டெண்டன்ஸ் போனஸ் பிடிக்கமாட்டோம்.

4. மாத்திரை போடாமலேயே ஒரு முழுநாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் மட்டும் திரும்பி வரவும்.

5. ஆள் குறைந்தால் லைனின் டார்கெட் குறையும். மற்றவர் தலையில் ஏறாது.

மேனேஜர் ஒப்புதலுடன்.”

இதிலே என்ன பெரிசா இருக்கு என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாள் கூலி 450 ரூபாய், மாத அட்டெண்டன்ஸ் போனஸ் 750 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் காய்ச்சலில் நான்கு நாள் படுத்தால் கூலியில் 1800 போச்சு. போனஸ் 750-ம் போச்சு. இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் நோயின் முதல் இரண்டு நாளுக்கு உதவித்தொகை கிடையாது என்று எழுதி வைத்தது. மிச்ச இரண்டு நாளுக்குக் கூலியில் 70 சதவீதம், அதாவது 630 ரூபாய். அதுவும் முதல்நாளே காய்ச்சலோடு டிஸ்பென்சரி வரிசையில் நின்று சீட்டு வாங்கியிருந்தால்தான். ஆக நஷ்டம் 1920 ரூபாய். அதே ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமோ சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு கொடுத்ததே தவிர, நோய்க்கென்று தனி விடுப்பு கொடுக்கவில்லை.

அதனால் அவள் என்ன செய்வாள்? பாராசிட்டமால் ஒன்றை விழுங்கிவிட்டு வேனில் ஏறுவாள். மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், கிருமியைக் கொல்லாது. ஃப்ளூ காய்ச்சல் தெரிவதற்கு ஒருநாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். நோய் தொடங்கிய முதல் மூன்று நான்கு நாளில்தான் அதிகமாகப் பரவும். திங்கட்கிழமை அவள் இருமிக்கொண்டு தைத்தால், புதன் வியாழனில் பக்கத்து மிஷின்காரி படுப்பாள். ஒரே வரிசையில் இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்து விழுந்தால் காரணம் இதுதான். நான்காவது விதியில் ‘மாத்திரை போடாமலேயே’ என்று அந்த சூப்பர்வைசர் எழுதியது இதைப் புரிந்துகொண்டுதான்.

இந்தத் தாளின்படி அதே பெண்ணுக்கு நஷ்டம் ஒருநாள் கூலி 450 மட்டும். ‘நோயாளி ஓய்வெடுக்கவும்’ என்று போர்டு மாட்டுவது யாராலும் முடியும். ஓய்வெடுத்தால் சோறு போகாது என்று எழுதியதுதான் இந்தத் தாள். ஐந்தாவது விதியும் அப்படித்தான். டார்கெட் குறையாவிட்டால் லீவு போட்டவளைப் பக்கத்து மிஷின்காரியே திட்டுவாள். தொழிலாளியைத் தொழிலாளிக்கு எதிராக நிறுத்த நிர்வாகத்துக்கு வேறு ஆள் வேண்டியதில்லை.

பாராட்டுவதோடு நிறுத்த முடியாது. இரண்டு குறை இருக்கிறது.

ஒன்று, சீட்டு. மூன்று நாள் சீட்டு வேண்டாம் என்பது நல்லது. ஆனால் சீட்டு இல்லாத நாளை இ.எஸ்.ஐ. கணக்கில் எடுக்காது. காய்ச்சல் ஒரு வாரம் இழுத்தால், நான்காம் நாள் சீட்டு வாங்குகிறவளுக்கு அந்த இரண்டு நாள் காத்திருப்பு அன்றுதான் தொடங்கும். எனவே இரண்டாம் நாளும் சூடு இறங்கவில்லை என்றால் டிஸ்பென்சரிக்குப் போய்விடுங்கள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். மூச்சுத் திணறினாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப வந்தாலோ முதல் நாளே போக வேண்டும்.

இரண்டு, கான்ட்ராக்ட் ஆட்கள். தாளில் அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. சுற்றியுள்ள சேரிகளிலிருந்து அதே வேனில் வந்து, அதே வரிசையில் உட்கார்ந்து சோல் ஒட்டுகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய சம்பளம் கான்ட்ராக்டர் கையில் என்று நிர்வாகம் சொல்லும். கிருமிக்கு மஸ்டர் ரோல் தெரியாதே! பாதிப்பேருக்கு மட்டும் விதி போட்டால் மீதிப்பேர் காய்ச்சலோடு வருவார்கள், விதி போட்டதே வீணாகும்.

சூப்பர்வைசர் நாளை மாறிப் போகலாம். சுவரில் ஒட்டிய தாள் மழைக்காலம் தாண்டாது. தோழர்களே, இதைப் பிரதி எடுங்கள். இந்த இரண்டு திருத்தத்தையும் சேர்த்து எழுதுங்கள். சங்கம் இருக்கிற இடத்தில் அடுத்த ஒப்பந்தப் பேச்சிலேயே வையுங்கள். நிலையாணையில் ஏறுகிறவரை விடாதீர்கள்.