பூஜ்ய வட்டிக்குள் மூன்று வட்டி: பொருள் வாங்கும் முன் ஒரு வேண்டுகோள்



பண்டிகை நெருங்கும்போது வீட்டு உபயோகப் பொருள் கடைகளின் வாசலில் முதலில் கண்ணில் படுவது பொருளின் விலை அல்ல, '0% வட்டி' என்ற பலகைதான். ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வாங்கப் போகிறவர்களிடம் நாங்கள் வைக்கும் கோரிக்கை சிறியது. தவணைத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், "இன்றைக்கே முழுப் பணமும் கட்டினால் கடைசி விலை என்ன?" என்று கேளுங்கள். அந்த விலை தெரியாதவரை, வட்டி பூஜ்யமா இல்லையா என்று உங்களால் சொல்லவே முடியாது.

கடன் கொடுக்கும் நிறுவனம் வட்டி இல்லாமல் பணம் தருவதில்லை. அதற்குச் சேரவேண்டிய வட்டியைப் பொருளைத் தயாரித்த நிறுவனமோ, கடைக்காரரோ, இருவருமாகவோ கட்டுகிறார்கள். கடைக்காரர் தம் பங்கை எடுப்பது பொருளில் கிடைக்கும் லாபத்திலிருந்துதான். அதே லாபத்திலிருந்துதான் ரொக்கத் தள்ளுபடியும் வரவேண்டும். ஆக, ஒரே பானையிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கடன் நிறுவனத்துக்கு ஊற்றலாம், அல்லது உங்களுக்கு ஊற்றலாம். இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று சொன்னது. கிரெடிட் கார்டுத் தவணைகளில் வட்டியைப் பிராசசிங் கட்டணமாக உருமாற்றி வாடிக்கையாளரிடமே வாங்கிவிடுகிறார்கள் என்றும் அது சுட்டிக்காட்டியது. ஆனால் பலகையில் உள்ள எழுத்து இன்னும் மாறவில்லை.

கணக்கைக் கைப்பட போட்டுப் பார்ப்போம். ஒரு ஃபிரிட்ஜின் விலை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 வீதம் 12 தவணை, அதில் நான்கு தவணையை முன்பணமாக இன்றே கட்டவேண்டும். கடைகளில் இதை '12/4' திட்டம் என்பார்கள். பிராசசிங் கட்டணம் வரியோடு 800 ரூபாய். இன்று கையிலிருந்து போவது 12,800, பிறகு எட்டு மாதம் 3,000 வீதம் 24,000, மொத்தம் 36,800. அதே ஃபிரிட்ஜை முழுப் பணம் கட்டினால் 34,000க்குத் தருவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொள்கிறார் என்போம். இப்போது உங்களுக்கு உண்மையில் கிடைத்த கடன் எவ்வளவு? 34,000 ரூபாய்ப் பொருளுக்கு 12,800 கட்டிவிட்டீர்கள், மீதி 21,200தான் கடன். அதற்குத் திருப்பிக் கட்டுவது 24,000. வித்தியாசம் 2,800.

21,200க்கு 2,800 என்றால் நூற்றுக்குப் பதின்மூன்று சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கடன் ஒரு வருடம் உங்கள் கையில் இருப்பதில்லை. முதல் 3,000 ஒரே மாதத்தில் திரும்பிவிடுகிறது, கடைசி 3,000தான் எட்டு மாதம் தங்குகிறது. சராசரியாகப் பார்த்தால் நாலரை மாதம். மாதாமாதம் குறையும் அசலை வைத்துத் துல்லியமாகக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 34 சதவீதம் வருகிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், மூன்று வட்டிக்குச் சற்றுக் குறைவு. வட்டிக்கடையில் மூன்று வட்டி என்றால் எழுந்து வந்துவிடும் நாம், அதையே குளிரூட்டிய கடையில் பூஜ்யம் என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடுகிறோம்.

கடன் வாங்குகிறவருக்கு முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கை ஒன்று தரவேண்டும், அதில் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதம் இருக்கவேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்குக் கட்டாயம். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆனால் அந்தத் தாளிலும் ஒரு குறை உண்டு. நமது கணக்கில் பெரிய தொகை 800 ரூபாய்க் கட்டணம் அல்ல, விட்டுக்கொடுத்த 2,000 ரூபாய்த் தள்ளுபடி. அது எந்தத் தாளிலும் வராது. கேட்டவருக்கு மட்டுமே தெரியும்.

"எங்கள் கடையில் எல்லாருக்கும் ஒரே விலைதான், ரொக்கத்துக்குத் தள்ளுபடி கிடையாது" என்று கடைக்காரர் சொன்னால் என்ன செய்வது? இது நியாயமான கேள்வி. உண்மையிலேயே தள்ளுபடி இல்லை என்றால் கணக்கு மாறிவிடும். இதே எடுத்துக்காட்டில் 800 ரூபாய் மட்டுமே வட்டி, அதாவது முக்கால் வட்டி. கட்டணமும் இல்லையென்றால் தவணையே லாபம், தயங்காமல் எடுங்கள். தவணை கூடாது என்பதல்ல எங்கள் வாதம். ஆனால் ஒரு கடையின் பதிலை முடிவாகக் கொள்ளாமல், அதே மாடல் எண்ணைச் சொல்லி இன்னும் இரண்டு கடைகளில் கேளுங்கள். தவணைப் பேச்சை எடுப்பதற்கு முன்பே விலையைப் பேசி முடியுங்கள். ரொக்கம் என்றால் நோட்டுக்கட்டு என்று பொருள் இல்லை, வங்கிக் கணக்கிலிருந்து ஒரே தடவையில் கட்டினாலும் ரொக்கம்தான். பில் இல்லாமல் விலை குறைப்பதாகச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள், பில் இல்லாவிட்டால் நாளைக்கு வாரண்டி கேட்க வழியில்லை.

"மொத்தமாக 34,000 கையில் இருந்தால் தவணைக்கு ஏன் போகிறோம்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு எங்கள் பதில், அந்த 2,800 ரூபாயை வாடகையாக எண்ணிப் பாருங்கள் என்பதே. முன்பணத்துக்கு வைத்திருக்கும் 12,800ஐத் தொடாமல், மாதம் 3,000 வீதம் ஏழு மாதம் சேர்த்தால் 33,800 ஆகிவிடும். ஃபிரிட்ஜ் ஏறக்குறைய கைக்கு வந்த மாதிரி. ஆகவே, ஏழு மாதம் முன்கூட்டியே வீட்டுக்கு வருவதற்கு மாதம் 400 ரூபாய் கொடுக்கிறீர்கள். இன்சுலின் வைக்கவேண்டிய வீட்டில் பழைய ஃபிரிட்ஜ் நின்றுபோனால் அந்த 400 பெரிதல்ல, கொடுக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் டிவியை மாற்றிப் பெரிய டிவி வைப்பதற்கு அதே 400 வீண். அவசரம்தான் என்றாலும், வங்கியில் நகைக்கடன் வட்டி இந்த 34 சதவீதத்தில் பாதிகூட வராது. நகைக்கடன் வாங்கி ரொக்க விலையில் பொருளை எடுப்பது மலிவு.

தவணை தவறினால் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் மோசமாகும். கணக்கில் பணம் இல்லாமல் ஒரு மாதம் தவணை திரும்பினால், கடன் நிறுவனம் ஒரு அபராதமும் உங்கள் வங்கி இன்னொரு அபராதமும் பிடிக்கும். கடன் மதிப்பெண்ணும் குறையும். சம்பளம் தேதி தவறாமல் வராத வேலையில் இருப்பவர்கள் இதை மறக்கவேண்டாம்.

ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரித்து மழுப்பலாம். வருகிறவர்கள் எல்லாரும் கேட்டால் மழுப்ப முடியாது. எனவே இந்தப் பண்டிகைக் காலத்தில் பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் ஒரே கொட்டேஷன் தாளில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: முழுப் பணத்துக்கு என்ன விலை, தவணையில் எல்லாக் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு. இரண்டு தொகையும் ஒன்றானால் தவணையில் எடுங்கள். வித்தியாசம் இருந்தால், அதுதான் பலகையில் எழுதாமல் விட்ட வட்டி.

இங்ஙனம்,
நுகர்வோர் நலனில் அக்கறை கொண்ட ஊர்மக்கள் குழு